வாட்ஸ்அப்பில் வந்த படம் போனில் ஏன் இல்லை? தானாக இறங்கும் அமைப்புகள் பற்றிய கேள்வி பதில்கள்

குடும்பக் குழுவில் வந்த படங்களில் பாதி என் கேலரியில் இருக்கிறது, பாதி இல்லை. எல்லாம் ஒரே குழுவில்தானே வந்தது?

கேலரியை விட்டுவிட்டு முதலில் சாட்டைத் திறந்து, காணாமல் போன படம் இருக்கும் இடத்துக்குப் போங்கள். அந்தப் படம் எப்படித் தெரிகிறது என்பதை வைத்தே காரணத்தைச் சொல்லிவிடலாம்.

படம் மங்கலாக, நடுவில் கீழ்நோக்கிய அம்புக்குறியோடு நிற்கிறது என்றால், அது உங்கள் போனுக்குள் இறங்கவே இல்லை. அல்லது இறங்கிய கோப்பை யாரோ பிறகு அழித்திருக்கிறார்கள். படம் சாட்டில் தெளிவாகத் திறக்கிறது, கேலரியில் மட்டும் இல்லை என்றால், கோப்பு உங்கள் போனில்தான் இருக்கிறது. கேலரியின் கண்ணில் படாத இடத்தில் கிடக்கிறது. இந்த இரண்டும் வேறு வேறு அமைப்புகளால் வருபவை. ஒன்றுக்கான தீர்வு மற்றொன்றுக்கு உதவாது. பலர் கேலரி அமைப்பை மாற்றிவிட்டு, இறங்காத படம் வரும் என்று காத்திருப்பது இதனால்தான்.

அனுப்பியவர் போனில் நீல டிக் விழுந்துவிட்டது. அப்படியென்றால் படம் எனக்கு வந்துவிட்டது என்றுதானே அர்த்தம்?

இல்லை. டிக் குறிப்பது செய்தியை, படத்தை அல்ல.

நீங்கள் ஒரு படத்தை அனுப்பும்போது வாட்ஸ்அப் அதை உங்கள் போனிலேயே பூட்டி, பூட்டிய கோப்பைத் தன் சர்வரில் ஏற்றுகிறது. எதிர்முனைக்குப் போகும் செய்தியில் முழுப்படம் இருக்காது. அந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற குறிப்பும், அதைத் திறக்கும் சாவியும், மிகச் சிறிய மங்கலான முன்தோற்றம் ஒன்றும்தான் இருக்கும். அந்தச் செய்தி சேர்ந்ததும் இரண்டு டிக். பெறுபவர் சாட்டைத் திறந்ததும் நீல டிக். அதன் பிறகும் முழுக்கோப்பு சர்வரிலேயே இருந்துகொண்டிருக்கலாம். பெறுபவரின் போன் போய் அதை எடுத்து வந்தால்தான் படம் இறங்கியதாகக் கணக்கு.

"அனுப்பிட்டேன், நீ பார்த்துட்டே, டிக் விழுந்துச்சு" என்று ஒருவரும், "எனக்கு வரவே இல்லை" என்று மற்றவரும் சொல்லிக்கொள்ளும் சண்டையில் இருவர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம்.

தானாக இறங்குவதை எந்த அமைப்பு தீர்மானிக்கிறது? நான் எதையும் தொட்டதே இல்லை.

தொடாவிட்டாலும் வாட்ஸ்அப் சில தேர்வுகளை முன்கூட்டியே செய்து வைத்திருக்கும். ஆண்ட்ராய்டில் மேலே உள்ள மூன்று புள்ளிகளைத் தட்டி, Settings, பிறகு Storage and data என்று போனால் Media auto-download என்ற பகுதி தெரியும். அதில் மூன்று வரிகள்: When using mobile data, When connected on Wi-Fi, When roaming. ஒவ்வொன்றையும் தட்டினால் Photos, Audio, Videos, Documents என்று நான்கு பெட்டிகள் வரும்.

முதலில் நிறுவும்போது இருக்கும் நிலை இது: மொபைல் டேட்டாவில் படங்கள் மட்டும் இறங்கும், வைஃபையில் எல்லாமும் இறங்கும், ரோமிங்கில் எதுவும் இறங்காது. குரல் பதிவுச் செய்திகள் மட்டும் இந்தப் பெட்டிகளுக்குக் கட்டுப்படாமல் எப்போதும் தாமாக இறங்கிவிடும். அதனால்தான் படம் வராத நேரத்திலும் குரல் செய்தி கேட்கிறது.

ஐபோனில் அமைப்பு தலைகீழாக அடுக்கப்பட்டிருக்கும். Storage and data பகுதிக்குள் Photos, Audio, Video, Documents என்று வகைகள் முதலில் வரும். ஒவ்வொரு வகைக்கும் Never, Wi-Fi, Wi-Fi and Cellular என்ற மூன்றில் ஒன்றைத் தேர்வு செய்ய வேண்டும்.

டேட்டா மிச்சப்படுத்துவதற்காக வீட்டில் யாராவது ஒருமுறை எல்லா டிக்கையும் எடுத்துவிட்டிருப்பார்கள். வயதானவர்களின் போனில் இது அடிக்கடி காணக்கூடியது. அவர்கள் மங்கலான படத்தையே படம் என்று எண்ணி நகர்ந்துவிடுவார்கள். பேரக்குழந்தையின் ஒரு படம்கூட அந்தப் போனில் சேமிக்கப்பட்டிருக்காது. அவர்களின் போனை அடுத்த முறை கையில் எடுக்கும்போது இந்த ஒரு பக்கத்தைத் திறந்து பார்த்துவிடுங்கள்.

நாலு நாள் சிங்கப்பூர் போயிருந்தேன். அப்போது வந்த கல்யாணப் படங்களில் 60க்கு மேல் மங்கலாகவே நிற்கிறது, மீதி சரியாக இருக்கிறது. ஊருக்கு வந்தும் அப்படியே இருக்கிறது, ஏன்?

இந்திய சிம்மில் ரோமிங் பேக் போட்டுக்கொண்டு போயிருந்தால், நடந்ததை நேரத்தை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். ஒவ்வொரு படத்தின் கீழும் அது வந்த நேரம் இருக்கும். தெளிவாக இருப்பவை பெரும்பாலும் இரவிலோ விடியற்காலையிலோ, அதாவது நீங்கள் ஓட்டல் வைஃபையில் இருந்த நேரத்தில் வந்தவையாக இருக்கும். மங்கலானவை பகலில், வெளியே சுற்றிக்கொண்டிருந்தபோது வந்தவையாக இருக்கும். வைஃபையில் எல்லாம் இறங்கும், ரோமிங்கில் எதுவும் இறங்காது என்ற அந்த முன்தேர்வு, ஒரே ஆல்பத்தை இரண்டாகப் பிரித்துவிட்டது. பேக் போட்டிருந்தீர்களா, அதில் எவ்வளவு டேட்டா மிச்சம் இருந்தது என்பதெல்லாம் வாட்ஸ்அப்புக்குத் தெரியாது. போன் ரோமிங்கில் இருக்கிறது என்பது மட்டும்தான் தெரியும்.

ஊருக்குத் திரும்பியதும் விட்டுப்போனவை எல்லாம் தாமாக இறங்கிவிடும் என்று நம்பியிருக்கக் கூடாது. அந்தக் குழுவில் நாள்தோறும் புதுச் செய்திகள் வந்து, பழைய படங்கள் மேலே மேலே போய்விடுகின்றன. நீங்களும் அங்கே திரும்பிப் போவதில்லை. செய்ய வேண்டியது இதுதான்: வைஃபையில் இணைந்து, சாட்டைப் பயணம் தொடங்கிய நாள் வரை மேலே தள்ளி, மங்கலான ஒவ்வொன்றையும் தட்டி இறக்குங்கள். நான்கைந்து படங்கள் சேர்ந்து ஒரு தொகுப்பாக வந்திருந்தால், தொகுப்பைத் திறந்து உள்ளே கடைசி வரை பாருங்கள். வெளியே நான்கு கட்டங்கள் மட்டுமே தெரியும். ஐந்தாவதிலிருந்து உள்ளவை இறங்கினவா என்பது திறந்தால்தான் தெரியும்.

இதைத் திரும்பிய வாரத்திலேயே செய்யுங்கள். தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்பதற்கு அடுத்த கேள்வியே சாட்சி.

மங்கலான படத்தைத் தட்டினால் இறங்க மாட்டேன் என்கிறது, அனுப்பியவரிடம் மறுபடி அனுப்பச் சொல்லுங்கள் என்று வருகிறது. இனி கிடைக்கவே கிடைக்காதா?

முதலில், இது தற்காலிகத் தடையா என்று பார்த்துவிடுங்கள். போனில் தேதியும் நேரமும் தவறாக இருந்தால் சர்வரோடு இணைப்பே சரியாக நடக்காது. தானியங்கி நேரத்தை இயக்கிவிட்டு மறுபடி முயலுங்கள். போனின் இடம் நிரம்பியிருந்தாலும் இறங்காது. வைஃபையில் முடியவில்லை என்றால் மொபைல் டேட்டாவில் ஒருமுறை தட்டிப் பாருங்கள். சில அலுவலக, கல்லூரி வைஃபைகளில் செய்தி வரும், படம் மட்டும் வராது. நேற்று வந்த படம் சுலபமாக இறங்கி, பழைய படம் மட்டும் மறுத்தால், சிக்கல் உங்கள் போனில் இல்லை.

அந்த நிலையில் கோப்பு சர்வரில் இல்லை என்று பொருள். வாட்ஸ்அப்பின் சர்வர் படங்களைக் காலம் முழுக்க வைத்திருக்கும் கிடங்கு அல்ல, கைமாற்றும் இடம். சேராத செய்திகளையே அதிகபட்சம் 30 நாள்தான் வைத்திருப்போம் என்று அந்த நிறுவனத்தின் தனியுரிமைக் கொள்கை சொல்கிறது. மாதங்கள் கழித்துத் தட்டும்போது உங்கள் போனிடம் குறிப்பு இருக்கிறது, சாவியும் இருக்கிறது, கோப்புதான் அந்த இடத்தில் இல்லை. வாட்ஸ்அப்பை அழித்து மறுபடி நிறுவினாலும் இது மாறாது. அப்படிச் செய்து இருக்கிற படங்களையும் இழந்துவிடாதீர்கள்.

ஆனால் குழுவில் வந்த படம் என்றால் வழி இருக்கிறது. அதே படத்தை இறக்கி வைத்திருக்கும் இன்னொரு உறுப்பினர் உங்களுக்கு அதை ஃபார்வேர்ட் செய்தால் போதும். அவர் போனில் முழுக்கோப்பு இருப்பதால் அங்கிருந்து அது மறுபடி சர்வருக்கு ஏறி உங்களுக்கு வரும். குழுவில் யார் போனில் தானாக இறங்குவது எப்போதும் இயங்குகிறதோ, அவரைக் கேளுங்கள்.

படம் அனுப்பியவர், "கேமராவில் இருந்ததை நான் அழித்துவிட்டேன்" என்றால் அதோடு விட்டுவிட வேண்டாம். ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் தான் அனுப்பிய படங்களின் நகலைத் தனியாக ஒரு கோப்புறையில் வைத்திருக்கும். கேலரியில் அது தெரியாது. கோப்பு மேலாளர் செயலியைத் திறந்து இந்த இடத்துக்குப் போகச் சொல்லுங்கள்:

```
Android/media/com.whatsapp/WhatsApp/Media/WhatsApp Images/Sent
```

ஆண்ட்ராய்டு 11க்கு முந்தைய போன்களில் இது போனின் முதல் அடுக்கிலேயே WhatsApp/Media என்று தொடங்கும்.

இன்னொரு இடமும் உண்டு. கணினியில் வாட்ஸ்அப்பை இணைத்து வைத்திருந்தால், அது போனை நம்பாமல் தானே தனியாகப் படங்களை இறக்கிக்கொள்ளும். போனில் இறங்காத படம் அலுவலகக் கணினியில் தெளிவாக இருப்பது உண்டு. அங்கிருந்து சேமித்துக்கொள்ளலாம்.

சாட்டில் படம் பளிச்சென்று தெரிகிறது. கேலரியில் தேடினால் மட்டும் இல்லை.

இது Media visibility என்ற அமைப்பின் வேலை. ஆண்ட்ராய்டில் Settings, பிறகு Chats என்று போனால் தெரியும். இது இயங்கினால் இறங்கிய படங்கள் கேலரியில் வரும். அணைந்திருந்தால் அவை WhatsApp Images கோப்புறைக்குள் Private என்ற உள்கோப்புறைக்குப் போகும். அங்கே .nomedia என்ற பெயரில் ஒரு காலிக் கோப்பு இருக்கும். "இந்த இடத்தைப் பார்க்காதே" என்று கேலரி செயலிகளுக்குச் சொல்லும் பலகை அது. முன்பு சொன்ன Sent கோப்புறை கேலரியில் தெரியாததற்கும் இதே பலகைதான் காரணம்.

இங்கே பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. அமைப்பை இன்று இயக்கினால், இன்றிலிருந்து இறங்கும் படங்கள்தான் கேலரிக்கு வரும். ஏற்கெனவே Private உள்ளே போனவை அங்கேயே இருக்கும். அவை வேண்டுமென்றால் கோப்பு மேலாளரில் அந்தக் கோப்புறையைத் திறந்து, வேண்டிய படங்களைத் தேர்ந்தெடுத்து Pictures கோப்புறைக்கு நகல் எடுங்கள். நகர்த்த வேண்டாம், நகல் மட்டும். கோப்பை அங்கிருந்து நகர்த்தினால் சாட்டில் இருக்கும் படம் திறக்காமல் போய்விடும்.

ஐபோனில் இதற்கு இணையானது Settings, Chats பகுதியில் உள்ள Save to Photos. அது இயங்கியும் சேரவில்லை என்றால், போனின் சொந்த அமைப்புகளில் வாட்ஸ்அப்புக்குப் படங்களைத் தொட அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே None என்று இருந்தால் வாட்ஸ்அப் எவ்வளவு முயன்றாலும் ஒரு படத்தையும் சேர்க்க முடியாது.

மற்ற எல்லாக் குழுவின் படமும் கேலரிக்கு வருகிறது. ஒரே ஒரு குழு மட்டும் வருவதில்லை.

மேலே சொன்ன அமைப்பு ஒவ்வொரு சாட்டுக்கும் தனியாகவும் உண்டு. குழுவின் பெயரைத் தட்டி உள்ளே போனால் Media visibility இருக்கும். அதில் No என்று இருந்தால் பொது அமைப்பில் என்ன இருந்தாலும் அந்தக் குழுவின் படம் கேலரிக்கு வராது. ஐபோனில் அதே இடத்தில் Save to Photos என்றும், தேர்வு Never என்றும் இருக்கும். அலுவலகக் குழுவின் படங்கள் கேலரியை நிரப்புகின்றன என்று எப்போதோ அணைத்திருப்போம், பிறகு மறந்திருப்போம்.

அது சரியாக இருந்தால், அதே பக்கத்தில் Disappearing messages இயங்குகிறதா என்று பாருங்கள். செய்திகள் 24 மணி நேரத்திலோ 7 நாளிலோ 90 நாளிலோ மறையும்படி வைத்த சாட்டில் படங்கள் கேலரியில் சேர்வது இயல்பாகவே அணைந்துவிடும். இதில்தான் மீட்க முடியாத இழப்பு நடக்கிறது. கேலரியில் சேராத படம், செய்தி மறையும்போது அதோடு போய்விடும். யாரோ ஒருவர் இதை இயக்கியதும் சாட்டில் நடுவே சிறிய எழுத்தில் ஓர் அறிவிப்பு வரும். 200 செய்திகளுக்கு நடுவே அது யார் கண்ணிலும் படுவதில்லை. அப்படிப்பட்ட குழுவில் வேண்டிய படத்தை அன்றே கையால் சேமித்துவிடுங்கள்.

2025 ஏப்ரலில் Advanced chat privacy என்ற அமைப்பும் வந்தது. ஒரு சாட்டில் இது இயக்கப்பட்டால், அங்கே வரும் படங்கள் மற்றவர்களின் போனில் தானாகச் சேர்வதும், சாட்டை ஏற்றுமதி செய்வதும் தடுக்கப்படும். உங்கள் அமைப்புகள் எல்லாம் சரியாக இருந்தும் ஒரு குழு மட்டும் பிடிவாதம் பிடித்தால் இதையும் பாருங்கள். இயக்கியவருக்கு அதற்கொரு காரணம் இருக்கும். அணைப்பதற்கு முன் குழுவில் கேட்டுக்கொள்வது முறை.

ஒருமுறை மட்டும் பார்க்கும்படி அனுப்பிய படம் எந்த அமைப்பிலும் சேமிக்கப்படாது. 14 நாளுக்குள் திறக்காவிட்டால் அதுவும் காலாவதியாகிவிடும்.

முன்பு கேலரியில் பார்த்த படம் இப்போது இல்லை, சாட்டில் மங்கலாக நிற்கிறது. தானாக மறைந்துவிட்டதா?

தானாக மறைவது அபூர்வம். இடம் காலி செய்யும்போது அழிந்திருக்கும். கேலரியில் இருப்பதும் சாட்டில் தெரிவதும் ஆண்ட்ராய்டில் ஒரே கோப்புதான், இரண்டு நகல்கள் அல்ல. கேலரியில் அழித்தால் சாட்டில் திறக்காது. கேலரியின் குப்பைத்தொட்டியில் இன்னும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் மீட்டதும் சாட்டிலும் திறக்கும். சாட்டில் ஒரு செய்தியை அழிக்கும்போது, போனிலிருந்தும் கோப்பை அழிக்கட்டுமா என்று ஒரு டிக் பெட்டி கேட்கும். அதில் உள்ள டிக்கை நீக்காமல் அழித்தால் கேலரியிலிருந்தும் போய்விடும்.

ஐபோனில் நிலை வேறு. அங்கே Photos செயலியில் சேர்வது தனி நகல். சாட்டில் அழித்தாலும், அனுப்பியவரே எல்லோருக்கும் அழித்தாலும், அந்த நகல் இருக்கும்.

படம் வந்த நாளை வைத்துத் தேடினேன், கேலரியில் அந்தத் தேதியில் இல்லை. கூகுள் போட்டோஸிலும் இல்லை.

வாட்ஸ்அப் படத்தை அனுப்பும்போது கேமரா எழுதிவைத்த தேதி, இடம் போன்ற விவரங்களை நீக்கிவிடும். அதனால் கேலரி பெரும்பாலும் கோப்பு உங்கள் போனுக்கு வந்த நாளை வைத்தே அடுக்கும். பொங்கல் அன்று எடுத்ததை மாசியில் தட்டி இறக்கினால் அது மாசியில்தான் நிற்கும். படம் எடுத்த நாளில் தேடாமல், WhatsApp Images என்ற ஆல்பத்தைத் திறந்து தேடுங்கள்.

கூகுள் போட்டோஸ் இயல்பாகக் கேமரா படங்களைத்தான் மேகத்துக்கு ஏற்றும். வாட்ஸ்அப் கோப்புறையை அதன் அமைப்புகளில் Backup பகுதிக்குள் நீங்களாக இயக்க வேண்டும். இயக்காமல் போன் தொலைந்தால் அந்தப் படங்கள் அங்கே இருக்காது.

புதுப் போனுக்கு மாறி பேக்கப்பை மீட்டேன். செய்திகள் எல்லாம் வந்துவிட்டன, படங்கள் மங்கலாக இருக்கின்றன.

முதல் நாள் என்றால் பொறுங்கள். கூகுள் கணக்கிலிருந்து மீட்கும்போது செய்திகள் முதலில் வரும். படங்கள் அதன் பிறகு பின்னணியில் ஒவ்வொன்றாக இறங்கும். பல ஜிபி இருந்தால் ஓர் இரவு முழுக்க வைஃபையும் சார்ஜரும் தேவைப்படும்.

அதன் பிறகும் மங்கலாக இருப்பவை, பழைய போனிலேயே இறங்காமல் இருந்தவை. இறங்காத படத்தை பேக்கப் எடுக்க முடியாது. பேக்கப்பில் அதன் மங்கலான முன்தோற்றம் மட்டும்தான் போகும். வீடியோக்கள் மொத்தமாக இல்லையென்றால், பழைய போனில் பேக்கப் அமைப்பில் Include videos அணைந்திருந்திருக்கும். போனுக்குள்ளேயே எடுக்கப்படும் உள்ளூர் பேக்கப்பில் செய்திகள் மட்டுமே இருக்கும். அதை மட்டும் நகர்த்தியிருந்தால் Media கோப்புறையையும் பழைய போனிலிருந்து நகல் எடுத்து வாருங்கள். பழைய போனை எக்ஸ்சேஞ்சில் கொடுக்கும் முன் இதைச் செய்தாக வேண்டும்.

எல்லாப் பெட்டியிலும் டிக் போட்டுவிட்டால் தீர்ந்ததா? டேட்டா காலியாகிவிடாதா?

எல்லாம் வேண்டாம். வாட்ஸ்அப் சுருக்கி அனுப்பும் சாதாரணப் படம் பெரும்பாலும் சில நூறு கேபிதான். ஒன்று 250 கேபி என்று வைத்துக்கொண்டால் 150 படங்களுக்கு 40 எம்பிக்குக் குறைவு. நாளுக்கு ஒன்றரை ஜிபி கிடைக்கும் திட்டத்தில் இது ஒன்றுமே இல்லை. ஆவணமாக அனுப்பும் கோப்பு 2 ஜிபி வரை இருக்கலாம், வீடியோவும் பெரியது. அதனால் மொபைல் டேட்டாவில் Photos மட்டும், வைஃபையில் நான்கும், ரோமிங்கில் பேக் போட்ட பயணங்களில் மட்டும் Photos என்று வைப்பதே எங்கள் பரிந்துரை. குடும்பப் படங்களுக்கு டிக்கை எடுப்பதால் மிச்சமாகும் டேட்டா, இழக்கும் படத்துக்கு ஈடாகாது.

டிக் சரியாக இருந்தும் சாட்டைத் திறக்கும் வரை படங்கள் இறங்காமல் நின்றால், போனின் Data saver, பேட்டரி சேமிப்பு இரண்டையும் பாருங்கள். திரை அணைந்த பிறகு வாட்ஸ்அப் பின்னணியில் டேட்டா எடுப்பதை அவை தடுக்கும். Data saver அமைப்புக்குள் வாட்ஸ்அப்புக்கு மட்டும் விலக்கு கொடுத்தால் மற்ற செயலிகளின் கட்டுப்பாடு அப்படியே இருக்கும். பிறகு யாரையாவது ஒரு படம் அனுப்பச் சொல்லி, சாட்டைத் திறக்காமல் ஐந்து நிமிடம் கழித்துக் கேலரியைப் பாருங்கள். படம் அங்கே இருந்தால் அமைப்பு சரி.